செவிலியர் தேர்வு முடிந்த பிறகு: எந்தக் கேள்வியைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் கல்லூரிகளில் எம்.சி.க்யூ தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தியதும் கேள்விகளை அலசிப் பார்க்கச் சொல்கிறார்கள். கணக்குப் போட எல்லோருக்கும் வந்துவிடுகிறது. வந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதில்தான் சந்தேகம். ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விளக்கங்களும் ஒரே தேர்வை வைத்து வருகின்றன: பி.எஸ்சி. நர்சிங் மாணவர்கள் 60 பேர், குழந்தைகள் நலச் செவிலியம், 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கேள்விகளில் உள்ள குறைகள் நிஜத் தேர்வுகளில் அடிக்கடி கண்ணில் படுபவை.

கடினத்தன்மை, பாகுபடுத்தும் திறன்னு ரெண்டு எண் சொல்றாங்களே, அது என்ன? எப்படிக் கணக்கிடணும்?

ஒரு கேள்விக்கு எத்தனை பேர் சரியாக விடை எழுதினார்கள் என்பதை, எழுதிய மொத்தப் பேரால் வகுத்தால் வருவது கடினத்தன்மைக் குறியீடு. 60 பேரில் 36 பேர் சரி என்றால் 0.60. எண் கூடினால் கேள்வி எளிது, குறைந்தால் கடினம். பெயரைப் பார்த்துவிட்டு இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். 0.90 என்பதைப் பார்த்து "ரொம்பக் கஷ்டமான கேள்வி" என்று அறிக்கை எழுதியதையும் பார்த்திருக்கிறேன்.

பாகுபடுத்தும் திறனுக்கு மாணவர்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்க வேண்டும். மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் பேரை எடுக்கிறோம். 60 பேரில் அது 16 பேர். மேல் குழுவில் சரியாக எழுதியவர்கள் 14, கீழ்க் குழுவில் 5 என்றால், வித்தியாசம் 9. அதை 16 ஆல் வகுத்தால் 0.56. பாடம் தெரிந்தவர், தெரியாதவர் என்று அந்தக் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதே இந்த எண். எல்லை −1 முதல் +1 வரை.

ஏன் 27 சதவீதம்? மேல்பாதி, கீழ்ப்பாதின்னு பிரிச்சா ஆகாதா?

பாதி பாதியாகப் பிரித்தால் நடுவில் இருக்கும் மாணவர்கள் இரண்டு பக்கமும் கலந்துவிடுவார்கள். 27 மதிப்பெண் வாங்கியவர் மேலே, 26 வாங்கியவர் கீழே. அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் ஏதும் இல்லை, அதனால் எண் மங்கிப் போகும். மறுபக்கம், மேலே ஐந்து பேர் கீழே ஐந்து பேர் என்று எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்; ஆனால் ஒருவர் தவறிக் குறித்தாலே கணக்கு ஆடிப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே எந்த இடம் சரி என்று 1939 இல் ட்ரூமன் கெல்லி கணக்கிட்டுக் காட்டியதுதான் 27. மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் இருப்பதாக வைத்துக்கொண்டு வந்த எண் அது.

நம் ஊர்ப் பயிலரங்குகளில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கச் சொல்லித் தருவதும் உண்டு. வகுப்பு சிறியதாக இருந்தால் அதுவே நல்லது. எதை எடுத்தாலும் ஒவ்வொரு வருடமும் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் போன வருட எண்ணோடு ஒப்பிட முடியாது.

எக்செலில் போட முடியுமா, தனி மென்பொருள் வாங்கணுமா?

எக்செல் போதும். Ans என்று பெயரிட்ட ஒரு தாளில் மாணவர் குறித்த விடைகளை எழுத்தாகவே உள்ளிடுங்கள். சரி, தவறு என்று மட்டும் உள்ளிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தவறானவர்கள் எந்த விடையைக் குறித்தார்கள் என்பது தொலைந்துவிடும். பின்னால் வரும் பதில்களைப் படித்தால் அந்தத் தகவல்தான் முக்கியம் என்பது தெரியும். இரண்டாவது வரிசையில் விடைக்குறிப்பு, மூன்று முதல் 62 வரை மாணவர்கள், B முதல் AY வரை 50 கேள்விகள். இன்னொரு தாளில் அவற்றை 1, 0 ஆக மாற்றி, AZ இல் மொத்தம் போடுங்கள்.

```
=IF(Ans!B3=Ans!B$2,1,0)
=AVERAGE(B3:B62)
=(SUM(B3:B18)-SUM(B47:B62))/16
=CORREL(B3:B62,$AZ$3:$AZ$62-B3:B62)
```

முதல் வரி மதிப்பெண்ணாக மாற்றுகிறது. இரண்டாவது கடினத்தன்மை. மூன்றாவது பாகுபடுத்தும் திறன். இதற்கு முன் AZ ஐ வைத்து இறங்கு வரிசையில் அடுக்கியிருக்க வேண்டும். அடுக்குவதற்கு முன் 1, 0 களை மதிப்பாக மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள். சூத்திரங்களாகவே விட்டு அடுக்கினால் மாணவர் பெயர் ஒரு பக்கமும் விடைகள் வேறு பக்கமும் போய்விடும், எக்செல் எச்சரிக்கையும் தராது. நான்காவது வரி 60 பேரையும் சேர்த்துப் பார்க்கும் ஒட்டுறவு எண். அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டுப் பார்க்கிறது, ஏனென்றால் கேள்வி தன்னோடு தானே ஒத்துப்போவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய எக்செலில் இந்த வரியை Ctrl+Shift+Enter அழுத்தி உள்ளிட வேண்டும்.

பதினாறாவது இடத்திலும் பதினேழாவது இடத்திலும் ஒரே மதிப்பெண் இருந்தால் யாரை மேல் குழுவில் வைப்பது என்று கேட்பார்கள். ஒட்டுறவு எண்ணுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் துறைக் கூட்டத்தில் விளக்கிச் சொல்ல மேல் குழு, கீழ்க் குழு கணக்குதான் வசதி.

எவ்வளவு வந்தா நல்ல கேள்வி? ஒரு கட்-ஆஃப் சொல்லுங்க மேடம்.

பாகுபடுத்தும் திறனுக்கு ராபர்ட் ஈபெல் வகுத்த எல்லைகளைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். 0.40 அல்லது அதற்கு மேல் மிக நன்று; 0.30 முதல் 0.39 வரை நன்று, 0.20 முதல் 0.29 வரை பார்த்துச் செம்மைப்படுத்தலாம், 0.20 க்குக் கீழே போனால் திருத்த வேண்டும் அல்லது நீக்க வேண்டும். கடினத்தன்மைக்கு 0.30 முதல் 0.70 வரை ஏற்கத்தக்கது என்பது மருத்துவக் கல்வி வட்டாரத்தில் பழகிப்போன எல்லை.

இந்த எல்லைகளை எந்தக் கேள்வியை முதலில் எடுத்துப் படிப்பது என்று வரிசைப்படுத்த வைத்துக்கொள்ளுங்கள். 0.20 க்குக் கீழே இருப்பதையெல்லாம் சிவப்பில் தீட்டி அப்படியே தூக்கிவிடுவது ஆபத்து. எல்லைக்குள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் கெட்ட கேள்வியும் உண்டு, எல்லைக்கு வெளியே நிற்கும் நல்ல கேள்வியும் உண்டு. அடுத்த மூன்று பதில்களும் அதைப் பற்றித்தான்.

60 பேரில் 58 பேர் சரியா எழுதிட்டாங்க. பாகுபடுத்தும் திறன் 0.13 தான். தூக்கிடலாமா?

கேள்வி என்ன என்பதைப் பாருங்கள். எடுத்துக்கொண்ட தேர்வில் அது, செறிவான பொட்டாசியம் குளோரைடை எந்த முறையில் ஒருபோதும் செலுத்தக் கூடாது என்பது. நீர்க்காமல் நேரடியாக நரம்பில் செலுத்துவது என்பதே விடை. செய்தால் இதயம் நின்றுபோகும். இதை எல்லோரும் சரியாக எழுத வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறோம். சரியாக எழுதியதற்காகக் கேள்வியைத் தண்டிப்பதில் அர்த்தமில்லை.

கணக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு பேர்தான் தவறு செய்தார்கள், இருவரும் கீழ்க் குழுவில் இருந்தார்கள். மேலே 16, கீழே 14; 2 ஐ 16 ஆல் வகுத்தால் 0.125. இரண்டே பேர் தவறிய கேள்விக்கு இதைவிடக் கூடுதலாக வரவே முடியாது. தன்னால் முடிந்த அளவுக்கு முழுமையாகப் பிரித்துவிட்டது அந்தக் கேள்வி. அதனால் 0.90 க்கு மேலோ 0.15 க்குக் கீழோ இருக்கும் கேள்விகளுக்கு ஈபெல் எல்லையை அப்படியே பொருத்தாதீர்கள்.

நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், தவறான விடைகள் மூன்றும் யாரும் நம்பாதவையாக இருப்பதால்தான் எளிதாகிவிட்டது என்றால் மட்டும் திருத்துங்கள். ஆனால் 50 இல் 30 கேள்வி இப்படி இருந்தால் அந்தத் தேர்வு யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது.

ஒரு கேள்விக்கு மைனஸில் வந்திருக்கு. கேள்வி தப்பா, பசங்க தப்பா?

முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். மைனஸ் என்றால் நன்றாகப் படித்தவர்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள் அதிகமாகச் "சரி" வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு மிகச் சாதாரணக் காரணம் விடைக்குறிப்பில் தவறான எழுத்தைத் தட்டச்சு செய்திருப்பது.

நம் தேர்வில் அப்கார் மதிப்பெண் கேள்வி ஒன்று. பிறந்து ஒரு நிமிடமான குழந்தைக்கு இதயத்துடிப்பு 90, பலமாக அழுகிறது, கைகால்களை நன்றாக அசைக்கிறது, மூக்கில் குழாய் விட்டதும் தும்முகிறது, உடல் சிவப்பு, கைகால் நுனிகள் மட்டும் நீலம். துடிப்பு 100 க்குக் கீழே என்பதால் 1, நிறத்துக்கு 1, மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 8. விடைக்குறிப்பில் 9 என்று இருந்தது. கடினத்தன்மை 0.15, பாகுபடுத்தும் திறன் (1−4)/16, அதாவது −0.19. மேல் குழுவின் 16 பேரில் 14 பேர் 8 ஐக் குறித்திருந்தார்கள். மேல் குழு கூட்டமாக ஒரே "தவறான" விடையில் போய் நின்றால் அது அநேகமாக விடைக்குறிப்பின் கோளாறுதான். அதைச் சரிசெய்ததும் கீழ்க் குழுவில் 6 பேர், மொத்தத்தில் 39 பேர் சரி என்றாகி, கடினத்தன்மை 0.65, பாகுபடுத்தும் திறன் 0.50 என்று வந்தன. கேள்வியில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விடைக்குறிப்பை மாற்றினால் எல்லோருடைய மொத்த மதிப்பெண்ணும் மாறும், மேல், கீழ்க் குழுக்களும் மாறலாம். அதனால் மற்ற 49 கேள்விகளையும் மறுபடி கணக்கிட்ட பிறகுதான் அடுத்த முடிவு.

கடினத்தன்மை எல்லைக்குள்ளதான் இருக்கு, ஆனா பாகுபடுத்தும் திறன் பூஜ்யம். கேள்வியில் தப்பே தெரியலையே?

இதுதான் நேரம் செலவழிக்க வேண்டிய வகை. தட்டச்சுப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, பாடத்திட்டத்துக்கு வெளியேயும் இல்லை. எழுதியவருக்குத் தன் கேள்வியில் குறை தெரியாது, ஏனென்றால் அவர் மனதில் இருக்கும் ஒரு விவரம் தாளில் இல்லை என்பது அவருக்கு உறைக்காது. எடுத்துக்காட்டு இது:

"ஐந்து மாதக் குழந்தைக்கு மூச்சும் நாடித்துடிப்பும் இல்லை. மார்பு அழுத்தமும் செயற்கை மூச்சும் எந்த விகிதத்தில் தர வேண்டும்?" அ) 30:2, ஆ) 15:2, இ) 3:1, ஈ) 5:1. விடைக்குறிப்பு ஆ.

60 பேரில் அ 28, ஆ 20, இ 8, ஈ 4. கடினத்தன்மை 0.33, "கடினம்தான், ஆனால் ஏற்கலாம்" என்று விட்டிருப்பார்கள். குழு வாரியாகப் பிரித்தால் கதை வேறு. மேல் குழுவில் அ 9, ஆ 6, இ 1, ஈ யாருமில்லை. கீழ்க் குழுவில் அ 5, ஆ 6, இ 3, ஈ 2. சரியான விடையை இரண்டு குழுவிலும் ஆறாறு பேர் குறித்திருக்கிறார்கள், அதனால் பூஜ்யம். ஆனால் அ வைப் பாருங்கள்: மேலே 9, கீழே 5. தவறான விடை என்று நாம் சொல்லும் ஒன்று நன்றாகப் படித்தவர்களை இழுக்கிறது. தவறான விடைக்கு இந்த வித்தியாசம் கழித்தல் குறியில் வர வேண்டும். கூட்டலில் வந்தால் அந்த விடைக்கு ஏதோ நியாயம் இருக்கிறது.

நியாயம் என்ன? பச்சிளம் பருவம் தாண்டிய குழந்தைக்கு உயிர்ப்பிப்பவர் ஒருவர் மட்டும் என்றால் 30:2, இருவர் என்றால் 15:2. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேள்வி சொல்லவே இல்லை. எழுதியவர் வார்டை நினைத்து எழுதியிருக்கிறார், அங்கே எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். மேல் குழு மாணவர்களோ தனியாக நிற்கும் ஒருவரை நினைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டு விடைகளும் ஒழுங்காக வேலை செய்கின்றன: 3:1 பிறந்த உடனான உயிர்ப்பிப்பில் வருவது, 5:1 குழந்தைகளுக்கு 2005 க்கு முன் சொல்லித் தந்த விகிதம். இரண்டுமே கீழ்க் குழுவைத்தான் அதிகம் இழுத்திருக்கின்றன.

திருத்தம் ஒரே வரி. "குழந்தைகள் வார்டில் ஐந்து மாதக் குழந்தைக்கு மூச்சும் நாடித்துடிப்பும் இல்லை. நீங்களும் இன்னொரு செவிலியரும் சேர்ந்து உயிர்ப்பிக்கிறீர்கள்." விடைகள் அப்படியே இருக்கட்டும். 30:2 இப்போது நியாயமான பொறியாகிவிடுகிறது, ஏனென்றால் சூழலைக் கவனிக்காதவர் மட்டுமே அதில் விழுவார்.

அடுத்த தடவைக்குத் திருத்தியாச்சு. இந்தத் தடவை எழுதினவங்களுக்கு மார்க் என்ன செய்யறது?

மூன்று வழி இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல. அப்கார் மாதிரி விடைக்குறிப்புப் பிழை என்றால் திருத்திய குறிப்பை வைத்து மறுபடி மதிப்பிட வேண்டும், வேறு பேச்சில்லை. உயிர்ப்பிப்புக் கேள்வி மாதிரி இரண்டு விடையும் பொருந்துகிறது என்றால் இரண்டுக்கும் மதிப்பெண். அப்படிச் செய்ததும் 48 பேர் சரி, கடினத்தன்மை 0.80, மேலே 15, கீழே 11, பாகுபடுத்தும் திறன் 0.25. இந்தத் தேர்வுக்கு அது போதும். எந்த விடையும் பொருந்தவில்லை, அல்லது படம் அச்சில் தெளிவாக இல்லை என்றால் கேள்வியை நீக்கிவிட்டு 49 க்கு மதிப்பிடலாம்.

"எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுடுங்க" என்பது எளிதான வழி, மாணவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் நீக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. 24 வாங்கியவர் 50 க்கு 25 ஆகித் தேறிவிடுவார். நீக்கினால் அவர் 49 க்கு 24, தேற மாட்டார். 50 சதவீதம் தேர்ச்சி என்ற இடத்தில் இந்த ஒரு மதிப்பெண் பெரிய விஷயம். எந்த வழி என்பதைத் தேர்வுக்கு முன்பே துறையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பலகையில் ஒட்டிய பிறகு முடிவெடுத்தால் யாருக்காகவோ செய்ததாகத்தான் பேச்சு வரும். கடினம் என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கேள்வியையும் நீக்காதீர்கள்.

நாலு விடையில் ஒண்ணை யாருமே தொடல. அதை மாத்தியே ஆகணுமா?

மொத்தப் பேரில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் குறிக்கும் தவறான விடையைச் செயல்படாதது என்று கணக்கிடுவது வழக்கம். 60 பேரில் அது மூன்று பேருக்கும் குறைவு. எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நல்ல நான்காவது விடை கிடைக்காவிட்டால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்கு வேண்டும் என்பதற்காக ஒப்புக்கு ஒன்றைச் சேர்ப்பதால் லாபம் இல்லை.

நல்ல தவறான விடை எங்கிருந்து வரும் என்பதற்குச் சொட்டு வேகக் கணக்கைப் பாருங்கள். 1000 மி.லி. நார்மல் சலைன், 8 மணி நேரம், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு வரும் குழாய். 1000 × 20 ஐ 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. விடைகள் 42, 125, 31, 21. இதில் 125 என்பது மணிக்கு எத்தனை மி.லி. என்ற கணக்கோடு நின்றுவிட்டவரின் விடை. 31 என்பது 15 சொட்டுக் குழாயை மனப்பாடமாக வைத்திருப்பவரின் விடை. 21 என்பது 10 சொட்டுக் குழாய்க்கு உரியது. அந்தக் குழாயை மாணவர்கள் கையாண்டதே இல்லை என்றால் யார் குறிக்கப் போகிறார்கள்? ஒருவர்தான் குறித்தார்.

36 பேர் சரி, கடினத்தன்மை 0.60. மேலே 14, கீழே 5, பாகுபடுத்தும் திறன் 0.56. அருமையான கேள்வி, கைவைக்க வேண்டாம். ஆனால் கீழ்க் குழுவில் 16 இல் 8 பேர் 125 ஐக் குறித்திருக்கிறார்கள். வார்டில் நிமிடத்துக்கு 125 சொட்டு ஓடவிட்டால் எட்டு மணி நேரச் சலைன் மூன்று மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடும். இங்கே திருத்த வேண்டியது பாடம் நடத்தும் விதம். கேள்வி அலசலில் இப்படியும் ஒரு பலன் கிடைக்கும், பெரும்பாலும் யாரும் அதை எழுதி வைப்பதில்லை.

எங்க வகுப்பில் மொத்தமே 30 பேர். இந்த எண்ணையெல்லாம் நம்பலாமா?

கொஞ்சம் நம்பலாம். 30 பேரில் 27 சதவீதம் எட்டுப் பேர். ஒருவர் மாற்றிக் குறித்தாலே பாகுபடுத்தும் திறன் 0.125 நகர்ந்துவிடும். "நன்று" 0.38 ஆக இருந்தது ஒரே ஒருவரால் "பார்க்கலாம்" 0.25 ஆகிறது. 60 பேரிலும் நிலைமை அவ்வளவு உறுதியில்லை: 0.60 கடினத்தன்மைக்குத் தற்செயல் பிழை ஏறக்குறைய 0.12 இரு பக்கமும், பாகுபடுத்தும் திறனுக்கு அதைவிடக் கூடுதல். அதனால் 0.19 ஐத் தூக்கி 0.22 ஐ வைத்துக்கொள்வது வெறும் சடங்கு.

சிறிய வகுப்பில் மைனஸ், பூஜ்யம், மேல் குழுவை இழுக்கும் தவறான விடை ஆகிய பெரிய அடையாளங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு, வார்த்தை மாற்றாத ஒரே கேள்வியை இரண்டு மூன்று வருடம் கேட்டு எண்ணைச் சேருங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக மேல் குழு, கீழ்க் குழு பிரித்துவிட்டு, சரியானவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே முறை. மதிப்பெண்களை ஒரே பட்டியலாகக் கலந்து அடுக்கினால் தேர்வுக்குத் தேர்வு உள்ள வித்தியாசமும் உள்ளே வந்துவிடும். அமெரிக்காவின் என்க்ளெக்ஸ் உரிமத் தேர்வில் ஒவ்வொருவருக்கும் 15 கேள்விகள் மதிப்பெண் இல்லாமல் சோதனைக்காக மட்டுமே வருகின்றன, எண்கள் தேறிய பிறகுதான் அவை கணக்கில் சேரும். கல்லூரித் தேர்வில் அந்த வசதி கிடையாது.

அஞ்சு மார்க் சிறுவினாவுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சராசரி மதிப்பெண்ணை 5 ஆல் வகுத்தால் கடினத்தன்மை. மேல் குழுவின் சராசரி 3.8, கீழ்க் குழுவின் சராசரி 2.3 என்றால், 1.5 ஐ 5 ஆல் வகுக்க 0.30. எல்லோருக்கும் இரண்டரை, மூன்று என்று போட்டிருந்தால் எண் படுத்துவிடும். அப்போது கேள்வியைக் குறை சொல்வதற்கு முன் திருத்தியவரின் மதிப்பெண் பங்கீட்டைப் பாருங்கள்.

மூணு சீனியர் பார்த்துச் சரின்னு சொன்ன கேள்வி. ஆனாலும் 0.08. யாரை நம்பறது?

இருவரும் சரியாக இருக்கலாம். பாகுபடுத்தும் திறன் கணக்கிடும்போது அளவுகோலாக இருப்பது இதே தேர்வின் மொத்த மதிப்பெண். 50 கேள்வியில் 47 நோய்களைப் பற்றியது, மூன்று மட்டும் குழந்தையின் விளையாட்டும் மனவளர்ச்சியும் பற்றியது என்றால், அந்த மூன்றையும் நோய்ப் பாடத்தில் யார் கெட்டி என்பதை வைத்து அளக்கிறோம். இரண்டும் வேறு வேறு அறிவு. ஒத்துப்போகாதது கேள்வியின் குற்றமில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அந்த அலகின் மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றுமே குறைவு என்றால் கலவைத் தேர்வின் விளைவாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் குறைவு, மற்ற இரண்டும் நன்று என்றால் அந்த ஒன்றை எடுத்து மேல் குழு எந்த விடையில் சிதறியிருக்கிறது என்று பாருங்கள். நான்கிலும் ஏறக்குறையச் சமமாகச் சிதறியிருந்தால் அவர்கள் ஊகித்திருக்கிறார்கள். பெரும்பாலும் வகுப்பில் நடத்தாத பகுதியாக இருக்கும். இரண்டில் மட்டும் பிரிந்திருந்தால் உயிர்ப்பிப்புக் கேள்வியில் பார்த்த கோளாறு. சீனியர்கள் மூவரும் விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைப் படித்திருப்பார்கள். விடையை மறைத்துவிட்டு அவர்களையே எழுதச் சொல்லிப் பாருங்கள், சில சமயம் அவர்களும் பிரிவார்கள்.

போன வருஷம் 0.55, 0.45 ன்னு இருந்த கேள்வி இந்த வருஷம் 0.92, 0.06. கேள்வி கெட்டுப்போச்சா?

வெளியே போய்விட்டது என்று நினைக்கிறேன். மொத்த வகுப்பும் முன்னேறியிருந்தால் மற்ற கேள்விகளின் எண்ணும் ஏறியிருக்கும்; பழைய கேள்விகள் மட்டும் ஏறி, புதியவை ஏறாமல் இருந்தால் சீனியர் மாணவர்களின் நோட்டு கைமாறியிருக்கிறது. தவறு செய்த நாலைந்து பேரைப் பாருங்கள். அவர்கள் கீழ்க் குழுவில் மட்டும் இல்லாமல் அங்கங்கே சிதறியிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும், ஏனென்றால் நோட்டு யார் கையில் கிடைத்தது என்பதற்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. மேலே பொட்டாசியம் கேள்வியில் தவறிய இருவரும் கீழே இருந்தார்கள். அதுதான் கற்றதால் எளிதான கேள்விக்கும் கசிந்ததால் எளிதான கேள்விக்கும் உள்ள வேறுபாடு.

அப்படிப்பட்ட கேள்வியை அழிக்க வேண்டாம். சொட்டுக் கணக்கு என்றால் 1000 மி.லி.யை 500 ஆக்கி, குழாயையும் மாற்றி, தவறான விடைகளைப் புதிதாகக் கணக்கிட்டு எழுதுங்கள். கேள்வி வங்கியில் அதைப் புதிய கேள்வியாகப் பதிந்து, பழைய எண்களைப் பழையதிலேயே விட்டுவிடுங்கள். மாற்றிய கேள்விக்குப் பழைய 0.45 ஐச் சூட்டி வைத்தால், அடுத்த வருடம் ஒப்பிட உட்காரும் ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது.